நீரஜா வெட்டிய ஒரு லாட் கச்சா எண்ணெய்

நீரஜா மேடத்தைப் பற்றி யாராவது நல்ல வார்த்தை சொல்லி நான் கேட்டதில்லை. நானே சொன்னதில்லை. எங்கள் தி.நகர் புரோக்கர் ஆபீசில் நான் டீலர். கஸ்டமர் போன் பண்ணி "வாங்கு" என்றால் வாங்குவேன், "விற்று விடு" என்றால் விற்பேன். தங்கம், வெள்ளி, செம்பு, கச்சா எண்ணெய் எல்லாமே கம்ப்யூட்டரில்தான். ஒரு குந்துமணிப் பொன்னைக்கூடக் கையால் தொட்டதில்லை. மேடத்துக்கு ரிஸ்க் டெஸ்க். அதாவது நான் கஷ்டப்பட்டுக் கெஞ்சிக் கூத்தாடி ஒரு கஸ்டமரை வியாபாரத்தில் உட்கார வைப்பேன். அவர் கட்டிய மார்ஜின், அதாவது முன்பணம், நஷ்டத்தில் கரைந்தால், அந்த அம்மாள் அவர் கையிருப்பை அப்படியே விற்றுத் தள்ளிவிடுவாள். இதற்கு எங்கள் பாஷையில் வெட்டு என்று பெயர். கத்திரி நீரஜா என்றால் பாண்டி பஜார் வரைக்கும் தெரியும்.

மயிலாப்பூரில் சித்திரக்குளத்துக்குப் பக்கத்தில் வீடு. எங்கள் ஆபீசுக்கு டெலிபோன் எடுக்க வந்தவள், இருபத்தைந்து வருஷத்தில் ரிஸ்க் டெஸ்க்குக்குத் தலைவி ஆகிவிட்டாள். வெட்டுவதில் அவளுக்கு ஒரு முறை உண்டு. முதலில் போன் பண்ணுவாள். குழந்தைகளை விசாரிப்பாள், மூட்டு வலியை விசாரிப்பாள். "மார்ஜின் கொஞ்சம் குறையறது மாமா, அரை மணியில கட்டிடுங்கோ" என்பாள். அரை மணி கழித்துக் கட்டவில்லையென்றால் கழுத்தில் ஒரே வெட்டு. வெட்டிவிட்டு மறுபடி போன் பண்ணி, "வெட்டிட்டேன் மாமா, உடம்பைப் பாத்துக்கோங்கோ" என்பாள். ஒரு கஸ்டமர் இவளைச் சரிக்கட்ட வடபழனியிலிருந்து பஞ்சாமிர்தம் கொண்டு வந்தார். பஞ்சாமிர்தத்தை எல்லோருக்கும் கொடுத்து, டப்பாவைக் கழுவித் திருப்பித் தந்துவிட்டு, சாயங்காலம் அவரையே வெட்டினாள்.

வீட்டிலும் இதே கதைதான். காலாவதித் தேதி என்று ஒன்று அச்சடித்திருந்தால் போதும், அது அவளுக்கு வேதவாக்கு. அவள் வீட்டுக்காரர் ராகவேந்திரன் பேங்கில் இருந்து ரிட்டயர் ஆனவர், சாது. நாத்தனார் ஆசையாகக் கொண்டு வந்த அப்பளக் கட்டைத் தேதி முடிந்துவிட்டது என்று இவள் குப்பையில் போட்டபிறகு, அவர் தனக்குப் பிடித்த சாமான்களின் லேபிளையெல்லாம் கிழித்து வைக்க ஆரம்பித்தார். லேபிள் இல்லாததையும் அவள் தூக்கிப் போட்டாள்.

ஆனால் ஒன்று சொல்ல வேண்டும். ரூல் இல்லாமல் அவள் ஒரு பைசாவைத் தொட்டதில்லை. முன்பணம் குறைந்தால்தான் வெட்டு. குறையாவிட்டால், அந்த ஆள் கண்ணெதிரே கிணற்றில் குதித்தாலும் கை வைக்க மாட்டாள். "அது அவா பணம் தணிகா. விக்கச் சொல்ல நான் யாரு?" என்று என்னிடம் சொல்வாள். இந்த ஒரு விஷயத்தில் எனக்கு அவள்மேல் உள்ளுக்குள் மரியாதை இருந்தது. வெளியே காட்டிக்கொள்ளவில்லை.

அந்தக் கொரோனா வருஷம், ஏப்ரல் மாசம். ஊரே பூட்டிக் கிடந்தது. நான் வேளச்சேரியில் என் வீட்டு பெட்ரூமில் கம்ப்யூட்டர் வைத்துக்கொண்டு வேலை செய்தேன், அவள் மயிலாப்பூரில் பூஜை அறைக்குப் பக்கத்தில் உட்கார்ந்து வேலை செய்தாள். எங்களிடம் அப்போது ஒரு கஸ்டமர் இருந்தார், வெள்ளைச்சாமி அண்ணாச்சி. உஸ்மான் ரோடு பக்கம் ஜவுளிக்கடை. திருநெல்வேலிப் பக்கத்துக்காரர், இந்த ஊருக்கு வந்து முப்பது வருஷத்துக்கு மேல் ஆகியும் பேச்சு மாறாதவர். கடை பூட்டி நாலு வாரம் ஆகியிருந்தது. வியாபாரம் பண்ணியே பழகிய கை சும்மா இருக்குமா? வெள்ளிக்கிழமை போன் பண்ணினார்.

"தம்பி, கச்சா எண்ணெய் என்ன வெல?"

"பீப்பா ஆயிரத்து நானூறு கிட்டத்துல நிக்குது அண்ணாச்சி. வருஷ ஆரம்பத்துல நாலாயிரத்துக்கு மேல இருந்துச்சு."

"நாலாயிரம் ரூவாச் சரக்கு ஆயிரத்து நானூறா? ஏ, இது ஆடித் தள்ளுபடில்லா! பத்துச் சிப்பம் எடுத்துப் போடு."

சிப்பம் என்று அவர் சொல்வது லாட். ஒரு லாட்டுக்கு நூறு பீப்பா. பத்து லாட், ஆயிரம் பீப்பா. எனக்குக் கமிஷன். நான் எதற்கு வாயைத் திறக்கப் போகிறேன்? போட்டேன்.

திங்கட்கிழமைதான் அந்த ஏப்ரல் ஒப்பந்தத்துக்குக் கடைசி நாள். காலையில் மார்க்கெட் திறந்ததுமே விலை சறுக்கியது. மேடம் எங்கள் இரண்டு பேரையும் கான்ஃபரன்ஸ் காலில் பிடித்தாள். ஆபீஸ் லைன், பேசுவதெல்லாம் பதிவாகும்.

"அண்ணாச்சி, இன்னிக்கு மார்ஜின் குறைஞ்சுடுத்து. கட்டறேளா?"

அவள் குரலில் ஒரு ஆசை தெரிந்தது. கட்டாவிட்டால் வெட்டிவிடலாமே என்ற ஆசை. அண்ணாச்சி பேசிக்கொண்டிருக்கும்போதே போனில் பணத்தை அனுப்பிவிட்டார். கொஞ்ச நேரம் கழித்து விலை இன்னும் இறங்கியது. மறுபடி கேட்டாள், மறுபடி அனுப்பினார். அந்த அம்மாள் ஒரு மனுஷனிடமிருந்து பணம் வந்ததற்காகப் பெருமூச்சு விட்டதை அன்றைக்குத்தான் கேட்டேன்.

"அண்ணாச்சி, உங்களை வெட்ட எனக்கு ரூல் இல்லை. அதனால கெஞ்சிக் கேக்கறேன். அஞ்சு மணிக்குள்ள வித்துடுங்கோ."

"எதுக்குத் தாயி? இப்பத்தான் வெல நல்லா எறங்குது. இன்னும் பத்து வாங்கலாம்னு பாக்கேன்."

"ஐயோ பெருமாளே! வாங்கிடாதீங்கோ. நான் சொல்றதைக் கேளுங்கோ. அமெரிக்காவுல ஓக்லஹோமான்னு ஒரு மாகாணம், அதுல குஷிங்னு ஒரு சின்ன ஊர். நியூயார்க் சந்தையில இந்த எண்ணெய்க் காகிதத்தைக் கடைசி வரைக்கும் கையில வெச்சிண்டிருக்கறவன், அந்த ஊர்ல போய் நிஜ எண்ணெயை எடுத்துக்கணும். லோகம் பூரா வண்டி ஓடலை, பிளேன் பறக்கலை. எண்ணெயை யாரும் எரிக்கலை. அந்த ஊர் டாங்க் எல்லாம் ரொம்பி வழியறது. காலியா கொஞ்சம் இருந்தாலும் அதை முன்னாடியே எவனோ வாடகைக்கு எடுத்துட்டான்."

"சரி."

"டாங்க் இல்லாதவன் என்ன பண்ணுவான்? காகிதம் காலாவதி ஆறதுக்குள்ள யார் தலையிலாவது கட்டியே ஆகணும். வாங்கறதுக்கு யார் இருக்கா? டாங்க் வெச்சிண்டிருக்கறவன் மட்டும்தான். அவன் சொன்னதுதான் விலை."

அண்ணாச்சி சிரித்தார். "நமக்கு எண்ணெய் வராதுல்லா? நம்ம கணக்கு ரூவாதான?"

"எண்ணெய் வராது. ஆனா விலை அங்கேர்ந்துதானே வரது! இன்னிக்கு நியூயார்க்ல எந்த விலையில முடியறதோ, அதை ரூபாயா மாத்தி உங்க கணக்கை முடிச்சுடுவா. அவாளுக்கு முடியறப்போ நமக்கு நடுராத்திரி. முன்னாடியெல்லாம் நம்ம மார்க்கெட்டும் ராத்திரி வரைக்கும் திறந்திருக்கும், தப்பிச்சு ஓடலாம். இப்போ லாக்டவுனால அஞ்சு மணிக்கே மூடிடறா. அஞ்சுக்கு மேல நீங்க கத்தினாலும் விக்க முடியாது. கையைக் கட்டிண்டு வேடிக்கை பாக்கணும்."

"எறங்குனா எவ்வளவு எறங்கும்? சைபர் வரைக்கும்தான?"

நானும் குறுக்கே விழுந்தேன். "ஆமா மேடம், சும்மா பயமுறுத்தாதீங்க. சைபருக்குக் கீழ இன்னா கீது? தரை தான கீது?"

"தணிகா, நீ வாயை மூடு. அமெரிக்க எக்ஸ்சேஞ்ச் போன வாரம் ஒரு அறிவிப்பு விட்டிருக்கா. விலை மைனஸ்ல போனாலும் எங்க கம்ப்யூட்டர் தாங்கும்னு. எதுக்கு அதைச் சொல்லணும்? ஒரு ஓட்டல் வாசல்ல, 'வாந்தி வந்தா உள்ளே வாளி இருக்கு'ன்னு போர்டு போட்டிருந்தா, நீ அங்கே சாப்பிடுவியா?"

அண்ணாச்சி மசியவில்லை. "நான் ஜவுளி வியாபாரி தாயி. எந்தச் சரக்கும் ஓசிக்கு வேணா போவும், அதுக்குக் கீழ போவாது. வெச்சிருதேன்" என்று வைத்துவிட்டார்.

மேடம் விடவில்லை. பத்துத் தடவையாவது அவரைக் கூப்பிட்டிருப்பாள். எனக்குக் கோபம் கோபமாக வந்தது. "மேடம், உங்களுக்கு இன்னா வந்துச்சு? அவரு துட்டு, அவரு பாடு. ரூலு இல்லன்னா கை வைக்க மாட்டேன்னு நீங்கதான சொல்வீங்க?"

"கை வெக்கலையே, வாய்தானே வெக்கறேன்" என்றாள். பிறகு கொஞ்சம் இறங்கிய குரலில், "அவர் கடையில பன்னெண்டு பொண்ணுகள் வேலை பாக்கறதுகள் தணிகா. மூடின கடைக்குப் போன மாசம் முழுச் சம்பளம் குடுத்திருக்கார். இந்தப் பத்து லாட் மைனஸ்ல போச்சுன்னா கடையை வித்தாலும் ஈடுகட்ட முடியாது" என்றாள்.

சாயங்காலம் நெருங்கியது. விலை ஆயிரத்துக்குக் கீழே. கடைசித் தடவையாக கான்ஃபரன்ஸ் போட்டோம். அண்ணாச்சி எடுத்தார். ஆனால் எங்களிடம் பேசவில்லை. ஸ்பீக்கரில் அவர் வீட்டுச் சண்டை கேட்டது.

கடை பூட்டிக் கிடந்தால் எலி கடித்துவிடும் என்று பாதிச் சரக்கைத் தன் ஃப்ளாட்டுக்குக் கொண்டு வந்து அடுக்கியிருந்தார். கட்டிலுக்குக் கீழே உள்பாவாடை, கட்டில் மேலே துண்டு, ஹால் முழுக்க நைட்டி மூட்டை. சமையல்கட்டுக்குப் போக வேண்டுமானால் ஒரு மூட்டை ஏறி இன்னொரு மூட்டையில் இறங்க வேண்டும். அவர் சம்சாரம் இசக்கியம்மாளுக்கு ஏற்கெனவே முழங்கால் வலி. அன்றைக்குத் தண்ணி கேன் போட வந்த ஆட்டோக்காரனிடம் நைட்டி மூட்டை ஒன்றைத் தூக்கிக் கொடுத்துவிட்டாள்.

"ஏட்டி, எவ்வளவுக்குக் குடுத்த?" அண்ணாச்சியின் குரல்.

"என்னது எவ்வளவுக்கு? சும்மாத்தான் குடுத்தேன். அவன் வேண்டாம்னான். வண்டியில எடமில்லங்கான். பொறவு நாந்தான் எரநூறு ரூவா குடுத்து ஏத்திவிட்டேன்."

"சரக்கையும் குடுத்து, கையில ரூவாயும் குடுத்தியா? உனக்கு மூளை இருக்கா?"

"மூளை இருக்கு. எடந்தான் இல்ல. நாளைக்கு இன்னும் ரெண்டு மூட்டைக்கு வரச் சொல்லியிருக்கேன். முந்நூறு கேக்கான்."

நான் வாய்விட்டுச் சிரித்துவிட்டேன். மேடம் சிரிக்கவில்லை. மெதுவாகச் சொன்னாள். "அண்ணாச்சி, காலையிலேர்ந்து நான் தொண்டை கிழியச் சொல்லிண்டிருக்கறது இதைத்தான். அந்த குஷிங் ஊர் பூரா இப்போ உங்க ஆத்து ஹால் மாதிரிதான் இருக்கு. அங்கேயும் முந்நூறு கேக்கறான்."

அண்ணாச்சி, "ஏ, ஆத்தீ" என்றார். நைட்டி மூட்டை மேலேயே உட்கார்ந்திருக்க வேண்டும், பிளாஸ்டிக் நசுங்கும் சத்தம் கேட்டது.

"வித்துடலாமா அண்ணாச்சி?" என்று நான் கையைக் கீபோர்டில் வைத்துக்கொண்டு கேட்டேன்.

"விக்கலாம். ஆனா இப்ப முடியாதே தம்பி."

"ஏன்?"

"இன்னும் போணி ஆவலியே!"

எனக்குத் தலை சுற்றியது. விஷயம் இதுதான். அன்றைய முதல் வியாபாரம் போணி. போணி நஷ்டத்தில் ஆகக் கூடாது. ஆகிவிட்டால் நாள் முழுக்க நஷ்டம் வரும் என்பது அவருடைய முப்பது வருஷத்துக் கொள்கை. அந்த நாளில் மிச்சம் இருந்ததே சில நிமிஷம்தான். அதற்கு ஒரு போணி!

"இன்னா அண்ணாச்சி விளையாடுறீங்களா? மணி இன்னா ஆவுது பாருங்க! மார்க்கெட்டு மூடிருவான்!"

"நீ கத்தாத தம்பி. மொத ஏவாரமே இம்புட்டு நஷ்டத்துக்குக் குடுத்தா அந்த லட்சுமி என் வாசப்படிய மிதிப்பாளா?"

நான் தலையில் அடித்துக்கொண்டேன். மேடம் ஒரு நொடிகூட யோசிக்கவில்லை. "அண்ணாச்சி, எனக்கு ஒரு புடவை வேணும். இப்பவே. பணம் அனுப்பறேன். போணி பண்ணுங்கோ."

அவ்வளவுதான். அந்த மனுஷன் குரலே மாறிப்போனது. "வாங்க தாயி, வாங்க! என்ன பாக்குதீய? காட்டனா, சில்க் காட்டனா?" இசக்கியம்மாள் போனில் மேடத்துக்கு வீடியோ போட்டு, புடவை மூட்டையைப் பிரிக்க ஆரம்பித்துவிட்டார்.

"ஏதாவது ஒண்ணு குடுங்கோ."

"ஏதாவது ஒண்ணுன்னு பொடவை எடுக்கிற பொம்பளைய என் வாழ்க்கையில இன்னைக்குத்தான் பாக்கேன். அப்படிக் குடுக்க முடியாது தாயி. இந்தா, இது சுங்குடி. இது மாம்பழக் கலர், அரக்கு பார்டர், உங்க நெறத்துக்கு எடுப்பா இருக்கும். ஏட்டி இசக்கி, அந்த முந்தியப் பிரிச்சுக் காட்டு."

நான் இரண்டு கையாலும் தலையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். மூலையில் கடிகாரம் ஓடுகிறது, விலை துடிக்கிறது, ஆயிரம் பீப்பா எண்ணெய் இந்த மனுஷன் தலைமேல் தொங்குகிறது, இவர் முந்தி காட்டுகிறார். சரி, இந்த அம்மாளாவது சட்டென்று முடிப்பாள் என்று பார்த்தால், புடவையைப் பார்த்ததும் அவளுக்கும் புத்தி பேதலித்துவிட்டது.

"அந்த அரக்கு சாயம் போகுமோ?"

"மேடம்!" என்று நான் அலறினேன்.

"போகாது தாயி, நான் கேரண்டி."

"விலை கொஞ்சம் குறைச்சுக்கப்படாதா?"

"மேடம், உங்க கால்ல விழறேன்!"

"சரி சரி, அனுப்பிட்டேன்" என்றாள். அண்ணாச்சி போனில் பணம் வந்த மணி அடித்தது. அந்தப் போனை எடுத்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டார் என்று பின்னால் மேடம் சொன்னாள். "கடையப் பூட்டுன பொறவு இன்னைக்குத்தான் தாயி போணி" என்றார். எனக்கும் என்னமோ போல் ஆகிவிட்டது. நான் அதைக் காட்டிக்கொள்ளாமல், "விக்கவா, வேணாவா?" என்று கத்தினேன்.

"வித்துரு தம்பி. ஒம்பது சிப்பம்."

"பத்து" என்றேன்.

"ஒம்பது. ஒண்ணு இருக்கட்டும். அலமாரியத் தொடச்சு வெக்கக் கூடாது. ஒரு துணியாவது கெடக்கணும். இல்லன்னா மறுபடி சரக்கு வந்து சேராது."

ஒன்பதை விற்றேன். தொள்ளாயிரத்து எழுபது பக்கத்தில் போயிற்று. மேடம் கெஞ்சினாள். "அந்த ஒண்ணையும் வித்துடுங்கோ. அது ஒண்ணே உங்களை முழுங்கிடும்."

"ஒண்ணுதான தாயி, போனா போவுது. வெச்சிருதேன், பொடவைய மடிக்கணும்" என்று போனை வைத்துவிட்டார்.

ஒரு லாட். அதற்கு வேண்டிய முன்பணம் கணக்கில் தாராளமாக இருந்தது. வெட்ட ரூல் இல்லை. விற்காதே என்று அவர் வாயால் சொன்னது லைனில் பதிவாகியிருந்தது. நான் திரையையே பார்த்துக்கொண்டிருந்தேன். மூடுவதற்குச் சற்று முன்னால், அண்ணாச்சி கணக்கில் இருந்த அந்த ஒன்று மறைந்து சைபர் ஆனது. நான் எதையும் தொடவில்லை.

"மேடம், யார் வித்தது?"

"நான்தான்."

"ரூலு?"

"இல்லை" என்றாள். மார்க்கெட் மூடியது.

அண்ணாச்சிக்கு மெசேஜ் போகும் அல்லவா? போயிற்று. ஆபீசின் புகார் நம்பருக்குப் போன் போட்டு ஒரு கூச்சல் போட்டார் பாருங்கள்! "நான் வேண்டாம்னு சொன்ன பொறவும் என் அலமாரியில கைவிட்டு எடுத்திருக்காவ. இது களவுல்லா! என் அலமாரியத் தொடச்சிட்டாவ!" புகார் பதிவாயிற்று. ரிஸ்க் டெஸ்க் ஆள் கஸ்டமர் சொல்லாமல் விற்றால் எங்கள் ஆபீசில் நேராக விசாரணை. வேலை போனாலும் போகும்.

அன்று இருட்டும் நேரத்தில் ராகவேந்திரன் எனக்குப் போன் பண்ணினார். "தணிகாசலம், ஆபீஸ்ல ஏதாவது பிரச்சினையா? இவ ஃப்ரிட்ஜைத் திறந்து பாத்துட்டு, தேதி முடிஞ்ச தயிரை அப்படியே உள்ளே வெச்சு மூடிட்டா. எனக்கு பயமா இருக்கு" என்றார். எனக்கும் பயமாக இருந்தது. நடுராத்திரி விலை ஏறி முடிந்தால் அந்த அம்மாளின் இருபத்தைந்து வருஷம் போச்சு. நான் அவளுக்குப் போன் பண்ணினேன். "அண்ணாச்சி சொல்றது சரிதான் தணிகா. திருட்டுதான்" என்றாள். போனை வைத்துவிட்டாள்.

மறுநாள் காலையில் பல் விளக்கிக்கொண்டே டிவியைப் போட்டேன். பிரஷ் வாயிலேயே நின்றது. நியூயார்க்கில் எண்ணெய் பீப்பா மைனஸ் முப்பத்தேழு டாலர் சொச்சத்தில் முடிந்திருந்தது. எண்ணெயையும் கொடுத்து முப்பத்தேழு டாலரையும் கொடுக்கிறான்! நம் எக்ஸ்சேஞ்ச் முதலில் தற்காலிகமாக ஒரு ரூபாய் என்று போட்டு, அப்புறம் அன்றைக்கே மைனஸ் இரண்டாயிரத்து எண்ணூற்றுச் சொச்சம் என்று கணக்கை முடித்தது. ஐந்து மணிக்கு விற்காமல் கையில் வைத்திருந்தவர்களுக்கு லாட்டுக்கு மூன்று லட்சத்து எண்பத்தைந்தாயிரம் பக்கம் நஷ்டம். பத்து லாட் என்றால் நீங்களே பெருக்கிக்கொள்ளுங்கள், எனக்கு அன்றைக்குப் பெருக்கத் தைரியம் வரவில்லை.

அண்ணாச்சிக்குப் போன் போட்டேன். இசக்கியம்மாள்தான் எடுத்தாள். "அவுக பேச மாட்டாக தம்பி. டிவியைப் பாத்துட்டுச் சாமி ரூம்புல போயி உக்காந்திருக்காக. கடைப் பிள்ளைகள் பேரையெல்லாம் ஒவ்வொண்ணாச் சொல்லிச் சொல்லி அழுதாக" என்றாள்.

மத்தியானம் அவரே ஆபீசுக்குப் போன் பண்ணிப் புகாரை வாபஸ் வாங்கப் பார்த்தார். முடியாது என்றுவிட்டார்கள். பதிவானது பதிவானதுதான், விசாரித்தே ஆக வேண்டும். அடுத்த வாரம் வீடியோவில் விசாரணை. தலைமை ஆபீசிலிருந்து அஸ்வின் என்ற அதிகாரி, கழுத்தில் டை. இந்தப் பக்கம் நான், மேடம், அண்ணாச்சி. அண்ணாச்சிக்குப் பின்னால் நைட்டி மூட்டை.

"நீரஜா மேடம், கிளையன்ட் சொல்லாம அந்த ஒரு லாட்டை வித்தீங்களா?"

"வித்தேன்."

"விக்கறதுக்கு ரூல் இருந்துச்சா?"

"இல்லை."

"தப்புன்னு ஒத்துக்கறீங்களா?"

"தப்புதான். விலை எப்படிப் போனாலும் தப்பு தப்புதான்."

அஸ்வின் அண்ணாச்சி பக்கம் திரும்பினார். "சார், இதனால உங்களுக்கு ஏற்பட்ட நஷ்டம் எவ்வளவு? நான் பதிவு பண்ணணும்."

அண்ணாச்சி தொண்டையைச் செருமினார். "மைனஸ் மூணு லட்சத்து எம்பத்தஞ்சாயிரம் ரூவா."

"சார், நஷ்டத்தைக் கேக்கறேன்."

"நஷ்டத்தத்தான் சொல்லுதேன். மைனஸ்."

"நஷ்டம் எப்படி சார் மைனஸ்ல இருக்கும்?"

"அதைத்தான் ஐயா நானும் கேட்டேன், எண்ணெய் எப்படி மைனஸ்ல இருக்கும்னு. இருக்குல்லா?"

அஸ்வின் டையைத் தளர்த்திக்கொண்டார். நான் கேமராவை அணைத்துவிட்டுச் சிரித்தேன். கடைசியில் மேடத்துக்கு எச்சரிக்கை மெமோ என்று தீர்ப்பாயிற்று, வேலை பிழைத்தது. உங்களுக்குத் திருப்தியா என்று அஸ்வின் அண்ணாச்சியைக் கேட்டார்.

"மெமோ குடுங்கய்யா. வேண்டாம்னு சொல்ல மாட்டேன். என் அலமாரியில என்னைக் கேக்காமக் கைவெச்சது தப்புத்தான்." அவர் கேமராவைப் பார்த்துக் கும்பிட்டார். "ஆனா ஒண்ணு செஞ்சு குடுங்க. நான் இருக்கிற வரைக்கும் என் கணக்கு அந்தத் தாயி கையிலயே இருக்கட்டும். வேற ஆருக்கும் மாத்திராதீய."

மேடம் கண்ணாடியைக் கழற்றிப் புடவைத் தலைப்பால் துடைத்தாள். நெடுநேரம் துடைத்தாள். எனக்கும் கண் கரித்தது, வெளியே சொல்லவில்லை.

அன்றைக்குச் சாயங்காலமே அண்ணாச்சி அந்த வாரம் புதிதாக வாங்கியிருந்த வெள்ளி லாட் ஒன்றுக்கு மார்ஜின் குறைந்தது. அரை மணி கொடுத்தாள். அவர் கட்டவில்லை. வெட்டிவிட்டாள். அவர் அவளைக் கன்னாபின்னாவென்று திட்டினார்.